ஃபுட்பால் மேனேஜரில் மலிவான இளம் வீரர் சிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் சித்தி மகன், கால்பந்துக் கிளப்பை மேலாளராக நடத்தும் ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டில் நடத்துவது பிரான்ஸின் இரண்டாம் பிரிவான லீக் 2இன் கிளப் ஒன்று. அவன் பெரியப்பா குடும்பம் பிரான்ஸில் குடியேறியது. இந்த ஊரில் பல வீடுகளில் அப்படித்தான். அதனால் இங்கிலாந்துக் கிளப்புகளைத் தேடாமல் பிரெஞ்சுக் கிளப்பை எடுத்துக்கொண்டான். அவனுக்கு வேண்டியது ஒரு வலது பக்கப் பின்கள வீரர். கிளப்பில் பணம் இல்லை. அந்த ஒரு தேடலில் அவன் சந்தித்த சிக்கல்கள்தான் கடலூரில் என்னோடு விளையாடும் நண்பர்களும் அடிக்கடி கேட்பவை. ஆகவே அந்தத் தேடலையே கடைசிவரை பின்தொடர்கிறேன். பெயர்களும் திரையமைப்பும் விளையாட்டின் 2024 பதிப்பான FM24இல் உள்ளபடி.

அறிகுறி: ஃபில்டர் போட்டதும் பட்டியல் காலியாகிவிடுகிறது

தம்பி போட்டிருந்த ஃபில்டர் இது.

```
Position: D (R)
Age: at most 18
Pace: at least 15
Stamina: at least 15
Crossing: at least 14
Tackling: at least 14
Determination: at least 15
Transfer Value: at most €500K
```

"இவ்வளவு பெரிய உலகத்தில் ஒருவன்கூடவா இல்லை, அண்ணா?" என்று கேட்டான். ஏறக்குறைய இல்லை என்பதே பதில். ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிப் பிழை தீர்ந்துவிடும்.

விளையாட்டு ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு மறைவான எண்களை வைத்திருக்கிறது. ஒன்று தற்போதைய திறன், இன்னொன்று அவர் எட்டக்கூடிய உச்சத் திறன். இரண்டும் 200 வரை செல்லும் அளவுகோலில் இருப்பவை. திரையில் நாம் பார்க்கும் 1 முதல் 20 வரையிலான பண்பு எண்கள் பெரும்பாலும் அந்தத் தற்போதைய திறன் என்ற கையிருப்பிலிருந்து செலவழிக்கப்படுபவை. எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பண்புக்கும் விலை மாறும். வேகம் பெரும்பாலோருக்கு விலை உயர்ந்தது. ஆகவே 18 வயதில் வேகம், மூச்சு, கிராஸ், டாக்கிள் எல்லாமே 14க்கு மேல் உள்ளவர் ஏற்கெனவே முழு வளர்ச்சி பெற்ற வீரர். அவரைப் பெரிய கிளப்புகளும் பார்த்திருக்கும். அவர் விலை ஐந்து லட்சம் யூரோவில் நிற்காது.

மலிவாக வாங்குவது என்றால் ஏதோ சில எண்கள் தாழ்ந்திருப்பதை ஏற்றுக்கொள்வது என்றுதான் பொருள். எந்த எண்கள் தாழ்ந்திருக்கலாம் என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது. என் கணக்கு இது: பயிற்சியால் பின்னாளில் ஏறக்கூடியதை ஃபில்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஏறாததையும் தாமதமானால் ஏறுவது அரிதாகிவிடுவதையும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். உடல் பண்புகள் இளமையிலேயே வளர்ந்து முடியும். 19 வயதில் `Pace` 9 என்றால் அவரை ஓட்டக்காரராக்கும் முயற்சி பெரும்பாலும் வீண். `Crossing`, `Tackling` போன்ற நுட்பப் பண்புகள் இருபதுகளின் நடுப்பகுதிவரைகூட ஏறும். `Positioning`, `Decisions` போன்றவை ஆட ஆட, இன்னும் பிந்தியும் முதிரும். 18 வயதுப் பையனிடம் அவை 7 என்றால் அதற்காக அவனை ஒதுக்கக் கூடாது.

பின்கள ஓரத்தில் ஓடி ஓடி ஏற வேண்டிய வீரருக்கு நான் மாற்றிப் போட்ட ஃபில்டர்:

```
Position: D (R)
Age: 18 - 20
Acceleration: at least 12
Pace: at least 12
Work Rate: at least 11
```

விலையை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். காரணம் பின்னால் வருகிறது. வயதின் கீழ் எல்லையை 18 ஆக்கியதற்கும் காரணம் இருக்கிறது.

இப்படித் தளர்த்திய பிறகும் பட்டியலில் பத்துப் பேர்கூட வரவில்லை என்றால் பிழை வேறு இடத்தில். எண் நிபந்தனைகளை எல்லாம் நீக்கி, இடமும் வயதும் மட்டும் வைத்துப் பாருங்கள். அப்போதும் பட்டியல் சிறியதாக இருந்தால் உங்கள் கிளப்புக்கு உலகமே தெரியவில்லை. ஃபில்டர் உலகத்தைத் தேடுவதில்லை, கிளப்பின் அறிவைத்தான் தேடுகிறது. நிர்வாகத்திடம் ஸ்கவுட்டிங் எல்லையை, அதாவது வீரர்களைத் தேடும் எல்லையை விரிவாக்கக் கேட்பதும், ஊர் தெரிந்த ஸ்கவுட்டுகளை வேலைக்கு எடுப்பதும்தான் அதற்கு மருந்து. மேற்கு ஆப்பிரிக்காவை அறிந்த ஒரு ஸ்கவுட் பிரெஞ்சுக் கிளப்புக்கு எவ்வளவு பயன்படுவார் என்பதைக் கீழே பார்ப்போம்.

அறிகுறி: பெயர்கள் வருகின்றன, ஆனால் எண்களுக்குப் பதில் கோடுகளும் 8-13 போன்ற இடைவெளிகளும்

இது பிழை அல்ல, விளையாட்டின் இயல்பு. புதிய ஆட்டம் தொடங்கும்போது மேம்பட்ட அமைப்பில் இந்த மறைப்பை நீக்கும் தேர்வு இருக்கிறது. ஆனால் அதை நீக்கினால் ஸ்கவுட்டுகளுக்கு வேலையே இல்லாமல் போகும், தேடலின் சுவையும் போகும். மறைப்போடு ஆடுவதையே விரும்பிப் பரிந்துரைக்கிறேன்.

இடைவெளியைப் படிப்பதில் பலரும் செய்வது நடு எண்ணை எடுத்துக்கொள்வது. 8-13 என்றால் பத்து அல்லது பதினொன்று என்று மனத்தில் குறித்துக்கொள்கிறார்கள். இது இரண்டு பக்கமும் தவறான முடிவைத் தரும். அவசியமான பண்பாக இருந்தால் கீழ் எல்லையைப் பாருங்கள்: `Pace` 8-13 என்று இருக்கும் ஓர வீரர், உறுதியாகும்வரை, 8 உள்ளவரே. பயிற்சியால் ஏற்றக்கூடிய பண்பாக இருந்தால் மேல் எல்லையைப் பாருங்கள்: `Crossing` 6-11 என்பவரை வெட்டிவிடாதீர்கள். எண்கள் மறைந்திருக்கும் வீரரை எண் ஃபில்டரால் நம்பிப் பிடிக்க முடியாது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். அதனால்தான் எண் ஃபில்டர் ஒரு பக்கம் ஓட, இடமும் வயதும் நாடும் மட்டும் சொல்லி, ஸ்கவுட்டுகளுக்குத் தரும் தேடல் பணியான `Recruitment Focus` ஒன்று இன்னொரு பக்கம் ஓட வேண்டும். முதலாவது தெரிந்தவர்களை வடிகட்டும், இரண்டாவது தெரியாதவர்களைத் தெரிந்தவர்களாக்கும்.

உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்தின் படியில் உட்கார்ந்து ஒரு பள்ளி ஆட்டத்தைப் பார்த்தால் யார் வேகமாக ஓடுகிறான் என்று முதல் பாதியிலேயே சொல்லிவிடலாம். யார் காலையில் ஐந்து மணிக்குப் பயிற்சிக்கு வருகிறான் என்பதைப் பயிற்சியாளரோடு பழகாமல் சொல்ல முடியாது. விளையாட்டிலும் அறிக்கை முழுமையடையும்வரை குணம் தெரியாது. எண்கள் தெளிந்ததும் அவசரப்பட்டு விலை பேசாமல், ஆளுமையும் நிறை குறைகளும் அறிக்கையில் வரும்வரை காத்திருங்கள்.

ஸ்கவுட்டை அனுப்பும்போது அவருடைய `Judging Player Potential` எண்ணைப் பாருங்கள். பல சிறிய கிளப்புகளில் `Judging Player Ability` நன்றாக இருந்து இது 8, 9 என்று இருக்கும். அப்படிப்பட்டவர் இன்றைய ஆட்டத்தைச் சரியாகச் சொல்வார், நாளைய உயரத்தைத் தவறாகச் சொல்வார். இளைஞர் தேடலுக்கு அவர் பொருத்தமில்லை. 15க்கு மேல் உள்ள ஒருவர் கிடைத்தால், சம்பளம் கொஞ்சம் கூடுதலானாலும் எடுத்துவிடுங்கள். ஒரு தவறான ஒப்பந்தத்தைத் தடுத்தாலே அந்தச் சம்பளம் திரும்பிவிடும்.

அறிகுறி: ஐந்து நட்சத்திரம் என்று வாங்கியவர் அடுத்த ஆண்டு மூன்றாகிவிட்டார்

வீரர் மாறவில்லை, அளவுகோல் மாறிவிட்டது. நட்சத்திரங்கள் உலகப் பொது மதிப்பெண் அல்ல. உங்கள் அணியில் இப்போது இருப்பவர்களோடு ஒப்பிட்டு உங்கள் ஊழியர் சொல்லும் கருத்து. லீக் 2 அணியில் ஐந்து நட்சத்திரம் என்பது லீக் 1க்கு ஏறி ஐந்தாறு பேரை வாங்கிய பிறகு மூன்றரை ஆவது இயல்பே. கருப்பு நட்சத்திரங்கள் இருந்தால் அவை ஊழியருக்கே உறுதியில்லாத பகுதி.

ஆகவே நட்சத்திரத்தைக் கொண்டு வாங்கும் முடிவை எடுக்காதீர்கள். ஒரே ஊழியர் பார்த்த இருவரை ஒப்பிட மட்டும் அது உதவும்.

அறிகுறி: நான்கு லட்சம் மதிப்புள்ளவருக்கு நாற்பது லட்சம் கேட்கிறார்கள்

`Transfer Value` என்பது விளையாட்டின் மதிப்பீடு. விற்கும் கிளப் கேட்கும் விலை வேறு. மதிப்பீட்டை வைத்து ஃபில்டர் போட்டால், மதிப்பு உயர்வாகத் தெரிந்தாலும் ஒப்பந்தம் முடியும் நிலையில் மலிவாக வரக்கூடியவர்களை இழந்துவிடுவோம். விலையை நான் நீக்கியது அதனால்தான்.

அதற்குப் பதிலாக ஒப்பந்தத்தின் மீதிக் காலத்தைப் பாருங்கள். ஓராண்டுக்குள் முடியும் ஒப்பந்தம் உள்ள இளைஞரை, அவர் கிளப் புதுப்பிக்க முடியாத நிலையில், பாதி விலைக்கும் கீழே தர வாய்ப்பு உண்டு. கடைசி ஆறு மாதங்களில் வெளிநாட்டு வீரரிடம் நேரடியாகவே பேசலாம். அங்கே வளர்த்த கிளப்புக்கான பயிற்சி இழப்பீடு வரக்கூடும் என்பதால், "இலவசம்" என்று கணக்கை மூடிவிடாமல் அந்தத் தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஒப்பந்தங்களில் விடுவிப்புத் தொகை எழுதியிருப்பது சாதாரணம். அங்கே பேரம் இல்லை, எழுதியதைக் கொடுத்தால் போதும்.

விலை கேட்பதற்கு முன் வீரரின் முகவரிடம் அவர் வர விரும்புகிறாரா என்று விசாரித்துவிடுங்கள். நேரே கிளப்பிடம் முதல் தொகையைச் சொல்லி, அவர்கள் சிரிக்கிற விலையைக் கேட்டுத் திரும்புவதைவிட இது நல்லது. கையில் பணம் இல்லாதபோது ரொக்கத்தைக் குறைத்து, அடுத்த விற்பனையில் ஒரு சதவீதம் தருவதாகச் சொல்லுங்கள். சிறிய கிளப்புகள் இதற்கு இசைகின்றன.

அறிகுறி: பேரம் முடிந்தது, ஆனால் அணியில் சேர்க்க முடியவில்லை

வயதுக்கு 18 என்று கீழ் எல்லை போட்டதற்குக் காரணம் இங்கே. 18 வயது ஆகாதவரை நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது என்பது ஃபிஃபா விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலிருந்து விலக்கு உண்டு. விளையாட்டும் இதைப் பின்பற்றுகிறது. ஆகவே 17 வயது ஐவரி கோஸ்ட் வீரரைத் தம்பி விரும்பினாலும், அவர் 18ஐத் தொடும்வரை வர முடியாது.

அடுத்தது குடியுரிமை. லீக் 1இல் ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள் நான்கு பேர்தான் பதிவு செய்யலாம். லீக் 2இலும் வரம்பு உண்டு. உங்கள் போட்டியின் `Rules` பக்கத்தில் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 2000ஆம் ஆண்டு பெனின் நாட்டுக் கோட்டோனு நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் பயனாக, செனகல், ஐவரி கோஸ்ட், மாலி போன்ற ஆப்பிரிக்க நாட்டவர் பிரான்ஸில் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். பிரேசில் நாட்டவர் சேர்வார். மேற்கு ஆப்பிரிக்கா தெரிந்த ஸ்கவுட்டைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். பிரேசில், அர்ஜென்டினா வீரர்களில் பலருக்கு இத்தாலியோ போர்ச்சுகலோ இரண்டாம் குடியுரிமையாக இருக்கும். அவர்களை ஒதுக்கும் முன் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.

இங்கிலாந்தில் ஆடுபவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே புள்ளி அடிப்படையிலான பணி அனுமதி உண்டு. சிறிய நாட்டின் சிறிய லீகிலிருந்து வரும் 19 வயதுப் பையனுக்குப் பெரும்பாலும் அந்தப் புள்ளிகள் சேராது. தேட ஆரம்பிப்பதற்கு முன்பே அதைச் சோதியுங்கள்.

இந்த இடத்தில் தம்பியின் பட்டியலில் இரண்டு பேர் எஞ்சினார்கள். ஒருவர் 18 வயதுப் பிரேசில் வீரர். `Crossing` 13, `Dribbling` 14, `Pace` 14, நட்சத்திரங்கள் நிறைய. `Determination` 6, ஆளுமை `Casual`. இன்னொருவர் 19 வயது ஐவரி கோஸ்ட் வீரர். பெல்ஜியத்தின் இரண்டாம் பிரிவில் ஆடுகிறார், ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. `Pace` 14, `Acceleration` 14, `Work Rate` 13, `Determination` 15. `Crossing` 7-10, `Tackling` 9. ஆளுமை `Fairly Professional`.

முதலாமவரைப் பார்த்தால் கண் பிரகாசிக்கும். ஆனால் அவர் வெளிநாட்டு இடம் ஒன்றைப் பிடிப்பார், ரொக்கமும் அதிகம், கூடவே குணம் தளர்வு. இரண்டாமவர் இன்று லீக் 2இல் சுமாரான மாற்று வீரர். ஆனால் வேகம் வந்துவிட்டது, உழைப்பு இருக்கிறது, குறை அனைத்தும் பயிற்சியால் ஏறக்கூடிய இடங்களில். நான் தயங்காமல் இரண்டாமவரைச் சொன்னேன். பிரேசில் வீரரை விட்டதில் தம்பிக்கு மனக்குறை இருந்தது.

அறிகுறி: வாங்கியவர் வளரவே இல்லை

எட்டக்கூடிய உச்சம் என்பது உறுதிமொழி அல்ல, மேல் எல்லை மட்டும். பலர் அதைத் தொடாமலேயே ஓய்வு பெறுவார்கள். காரணத்தை மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலில் குணம். திரையில் தெரியும் `Determination` ஒன்று. திரையில் தெரியாத தொழில் ஒழுக்கம் இன்னொன்று. இரண்டாவது முக்கியமானது. ஆளுமைப் பெயரே அதற்கான தடயம். `Model Professional`, `Professional`, `Resolute` ஆகியவை நல்ல அறிகுறிகள். `Casual`, `Slack`, `Easily Discouraged` ஆகியவை அபாயம். `Balanced` என்றால் உறுதியான தகவல் இல்லை என்றே எடுத்துக்கொள்வேன். குணம் முழுதாக மாறாவிட்டாலும் திருத்தலாம்: பயிற்சிப் பக்கத்தில் உள்ள வழிகாட்டிக் குழுவில், அணியில் மதிப்புள்ள, ஒழுக்கமான மூத்த வீரர்களோடு சேர்த்துவிடுங்கள். குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். மூத்தவரில் ஒருவரே சோம்பலானவர் என்றால் அதுவும் தொற்றும்.

அடுத்து ஆடும் நேரம். 18 வயதுவரை பயிற்சி வசதியும் பயிற்சியாளரும்தான் முக்கியம். அதன் பிறகு ஆட்டம் வேண்டும், அதுவும் ரிசர்வ் அணியில் அல்ல, பெரியவர்களோடு. ஐவரி கோஸ்ட் வீரரைத் தம்பி முதல் பாதிப் பருவம் பெஞ்சில் வைத்திருந்தான். பண்பு எண்களின் ஏற்றத்தைக் காட்டும் அம்புக்குறிகள் அசையவே இல்லை. ஜனவரியில் மூன்றாம் பிரிவுக்குக் கடனாக அனுப்பினான். அனுப்பும்போது இரண்டு நிபந்தனை பார்த்தோம்: தொடக்க அணியில் இடம் தருவதாக ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அந்தக் கிளப்பின் பயிற்சி வசதி நம்முடையதைவிட மிகக் கீழாக இருக்கக் கூடாது. திரும்பி வந்தபோது `Tackling` 11, `Crossing` 10 ஆகியிருந்தன. அடுத்த பருவத்தில் அவரே வலது பக்கத் தொடக்க வீரர்.

கடைசியில் காயம். உடல் காயத்துக்கு இலகுவாக ஆளாகும் தன்மை மறைவான பண்பு. மருத்துவ மையத்தில் உள்ள ஆபத்துக் கணிப்பும், ஸ்கவுட் அறிக்கையின் குறைகள் பகுதியும் அதைக் காட்டும். வாங்கும் முன்பே காயப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 19 வயதில் இரண்டு நீண்ட காயங்கள் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் விலகிவிடுவேன்.

21 வயதில் ஒரு முழுப் பருவம் தொடக்க அணியில் ஆடியும் முக்கிய எண்களில் எதுவும் ஏறாவிட்டால், அங்கேயே விற்கப் பாருங்கள். அந்த வயதில் வாங்குபவர்களுக்கும் அவர் இன்னும் இளைஞர்தான். 24 ஆகிவிட்டால் அவர் வெறும் லீக் 2 வீரர்.